வெள்ளையா, கிரேயா, கலரா? ஒரு டெரகோட்டா ஜிமிக்கியை வைத்துப் பின்னணிச் சோதனை

கையால் செய்த சின்னப் பொருட்களைப் படமெடுக்க எந்தப் பின்னணி நல்லது என்று கேட்டால், பாதிப் பேர் வெள்ளை என்பார்கள், மீதிப் பேர் "பொருளுக்கு மேட்ச்சான கலர்" என்பார்கள். இரண்டுமே பொருளைப் பார்க்காமல் சொல்லும் பதில்கள். பின்னணியைப் பொருளோடு சேர்த்துத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அதற்கு இரண்டே கேள்விகள் போதும்: பொருளின் விளிம்பு பின்னணியிலிருந்து தெளிவாகப் பிரிகிறதா? பின்னணியோ கேமராவோ பொருளின் நிறத்தில் கை வைக்கிறதா?

சோதனைக்கு ஒரு டெரகோட்டா ஜிமிக்கியை எடுத்துக்கொள்வோம். சுட்ட மண்ணின் செம்பழுப்பு, மேலே தங்கப் பெயிண்டில் கோலம், கீழே தொங்கும் வெள்ளை முத்துகள். ஒரே பொருளில் இருண்ட பகுதி, வெளிர் பகுதி, மினுக்கும் பகுதி மூன்றும் இருப்பதால் ஒவ்வொரு பின்னணியும் எங்கே சறுக்குகிறது என்பதை இது உடனே காட்டிக்கொடுக்கும்.

என்னென்ன வேண்டும்

ஸ்டேஷனரி கடையில் நான்கு சார்ட் பேப்பர்: வெள்ளை, வெளிர் கிரே, நடுத்தர கிரே, அடர் பச்சை. பளபளப்பு இல்லாத மேட் பேப்பராகப் பார்த்து வாங்குங்கள். பச்சைக்குப் பதில் நீங்கள் பயன்படுத்த ஆசைப்படும் வேறு கலரையும் வைக்கலாம். இவற்றோடு ஒரு கிரே கார்டு. இது கேமரா கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கும், 18 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும் நடுநிலைச் சாம்பல் அட்டை. வீட்டு பிரிண்டரில் சாம்பல் நிறத்தை அச்சிட்டு இதற்குப் பதிலாக வைக்க வேண்டாம், அதில் மையின் சாயல் கலந்திருக்கும். கிரே சார்ட் பேப்பரும் இதற்கு ஈடாகாது. கடையில் "கிரே" என்று தரும் தாள்களில் லேசாக நீலம் ஓடுவதும் பழுப்பு ஓடுவதும் சகஜம். பின்னணியாக அது பரவாயில்லை, அளவுகோலாக ஆகாது.

அப்புறம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் துண்டு, போன் ஸ்டாண்டு, ஜிமிக்கியைத் தொங்கவிட ஒரு மெல்லிய கம்பி. தொங்கவிடுவது முக்கியம். தாளின் மேல் படுக்கவைத்தால் பின்னணியிலிருந்து அதைத் தள்ளி வைக்கவே முடியாது.

வெளிச்சத்தைக் கட்டிப்போடுவது

ஒப்பீட்டில் மாறவேண்டியது பின்னணி மட்டும். அதனால் ஜன்னலுக்குப் பக்கவாட்டில் மேசையைப் போட்டு, நேர் வெயில் விழாத நேரத்தில், அறையின் டியூப்லைட், பல்பு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சமும் பல்பு வெளிச்சமும் கலந்தால் ஜிமிக்கியின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் இருக்கும், அந்தப் பழியைப் பின்னணி மேல் போட்டுவிடுவோம். மேகம் வந்து போகும் நாளில் இந்தச் சோதனை வேண்டாம். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் தெர்மாகோலை நிறுத்தினால் நிழல் பக்கம் கொஞ்சம் தெளியும்.

இன்னொன்று, நம் வீடுகளில் பச்சையும் ரோஸும் அடித்த சுவர்கள் அதிகம். சுவர் பக்கத்தில் இருந்தால் அதன் நிறமும் முத்தில் வந்து உட்காரும். நீங்கள் போட்டிருக்கும் சட்டையும் அப்படித்தான். சிவப்புச் சட்டையோடு ஓர் அடி தள்ளி நின்று படமெடுத்துவிட்டு, முத்து ஏன் ரோஸாக இருக்கிறது என்று தாளைக் குறை சொல்லக்கூடாது.

தாளை மேசையிலிருந்து பின்னால் வளைத்து மேலே ஏற்றி டேப் ஒட்டுங்கள், மடிப்புக் கோடு விழாது. ஜிமிக்கி பின்தாளிலிருந்து சுமார் ஒரு ஜாண் முன்னால் தொங்கட்டும். தாளை மாற்றும்போது கம்பியும் ஸ்டாண்டும் அசையாதபடி அழுத்தமாக ஒட்டிவிடுங்கள்.

கேமராவைக் கட்டிப்போடுவது

போன் கேமரா ஆட்டோவில் இருக்கும்போது தானாக இரண்டு முடிவுகளை எடுக்கிறது. காட்சி எவ்வளவு பிரகாசமாக வரவேண்டும் என்பது ஒன்று, வெளிச்சம் என்ன நிறம் என்பது இன்னொன்று. இரண்டையும் முடிவு செய்ய அது பின்னணியையும் பார்க்கிறது. முழுக்க வெள்ளையாக ஒரு காட்சியைக் கண்டால் "வெளிச்சம் அதிகம்" என்று நினைத்துப் படத்தை மங்கலாக்கும். வெள்ளைத் தாளில் எடுத்த படம் அழுக்குச் சாம்பலாக வருவதற்கு இதுதான் காரணம், தாள் இல்லை. முழுக்கப் பச்சையைக் கண்டால் வெளிச்சமே பச்சை என்று எண்ணி, அதைச் சரிக்கட்ட எதிர்த் திசையில், அதாவது மெஜந்தா பக்கம், படம் முழுவதையும் தள்ளும்.

ஆகவே அளவுகளை நாமே வைக்கும் Pro மோடுக்குப் போங்கள். ISO 100, WB, அதாவது வைட் பேலன்ஸ், கைமுறை, ஃபோகஸ் முத்துக்கும் மண்ணுக்கும் நடுவில். எச்டிஆர், அழகூட்டும் வசதிகள், போர்ட்ரெய்ட் எல்லாம் அணைந்திருக்கட்டும். போர்ட்ரெய்ட் மோடு பின்னணியை மங்கலாக்கும் சாக்கில் முத்து கோத்த கம்பியையே தின்றுவிடும். லென்ஸைத் துணியால் துடையுங்கள். விரல்ரேகை படிந்த லென்ஸ் வெள்ளைப் பின்னணியின் வெளிச்சத்தைப் பொருள் மேல் பனிமூட்டம் போலப் பரப்பும். போனில் 2x லென்ஸ் இருந்தால் அதை வைத்துக் கொஞ்சம் தள்ளி நின்று எடுங்கள், ஜிமிக்கியின் உருவம் கோணாமல் வரும்.

முதலில் நடுத்தர கிரே தாளைப் போட்டு, ஜிமிக்கி தொங்கும் இடத்திலேயே கிரே கார்டைப் பிடித்து எடுங்கள். கலர் எண் காட்டும் செயலியில் படத்தைத் திறந்து, கார்டின் மேல் R, G, B, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும், 0 முதல் 255 வரையான அளவில் ஏறக்குறைய 118 வரும்வரை ஷட்டரையும், மூன்றும் ஒன்றுக்கொன்று நெருங்கும்வரை WB-யையும் நகர்த்துங்கள். போன் தன் போக்கில் கான்ட்ராஸ்ட் கூட்டுவதால் எண் பத்துப் பதினைந்து தள்ளி வந்தாலும் கவலையில்லை. மூன்றுக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஐந்துக்குள் இருந்தால் சரி. இந்த அளவை எழுதி வைத்துக்கொண்டு இனி தொடாதீர்கள். கார்டை வைத்துப் பூட்டும் வேலையைக் கலர் தாள் போடுவதற்கு முன்பே முடிக்கவேண்டும். பச்சைத் தாளுக்கு நடுவில் கார்டைப் பிடித்தால் கார்டு மேலேயே பச்சை விழும்.

Pro மோடு இல்லாத போனா? ஒவ்வொரு பின்னணியிலும் கார்டோடு ஒரு படம் எடுத்து, Snapseed செயலியில் White Balance கருவியின் துளிப்பானால் கார்டைத் தொட்டு எந்த அளவு திருத்தம் வருகிறது என்று பாருங்கள். அதே திருத்தத்தை அந்தப் பின்னணியின் மற்றப் படங்களுக்கும் போடலாம். சுற்றுவழிதான், ஆனால் வேலை செய்யும்.

எடுப்பது

ஒவ்வொரு தாளிலும் மூன்று படம்: முழு ஆட்டோவில் ஒன்று, பூட்டிய அளவில் ஒன்று, பூட்டிய அளவில் கார்டோடு ஒன்று. ஆட்டோ படம் எதற்கு என்றால், பின்னால் நிறச்சாயல் யாருடைய வேலை என்று பிரித்துப் பார்க்க அது தேவைப்படும். இரண்டு வினாடி டைமர் வைத்துக்கொள்ளுங்கள், கை பட்டு அசைந்த படத்தில் விளிம்பைப் பற்றிப் பேசமுடியாது.

விளிம்பைப் பார்ப்பது

போன் திரையில் முழுப் படத்தைப் பார்த்து விளிம்பு கூர்மையாக இருக்கிறது என்று சொல்வது நம்பகமில்லை. கண் நிற வித்தியாசத்தைப் பார்த்து ஏமாறும். செம்மண் ஜிமிக்கி பச்சைத் தாளில் கண்ணைப் பறிக்கும், ஆனால் படத்தைக் கருப்பு-வெள்ளையாக்கினால் ஜிமிக்கியின் குடை காணாமலே போகலாம்.

இதைத்தான் முதலில் செய்யவேண்டும். கணினியில் GIMP என்ற இலவசப் படத் திருத்து மென்பொருள் இருந்தால் படத்தைத் திறந்து `Colors > Desaturate > Desaturate…` போய் Luma என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது நம் கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்துக்கு நெருக்கமான கணக்கு: பச்சைக்கு அதிக எடை, சிவப்புக்குக் குறைவு, நீலத்துக்கு மிகக் குறைவு. பிறகு Color Picker கருவியில் Sample average போட்டு, விளிம்புக்கு உள்ளே ஓர் இடம், வெளியே ஓர் இடம் என்று தொட்டு எண்ணைக் குறியுங்கள்.

நம் ஜிமிக்கிக்கு ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். மண் 150, 75, 50 என்ற அளவில் இருந்தால் அதன் பிரகாசம் சுமார் 90. அடர் பச்சைத் தாள் 40, 105, 60 என்றால் சுமார் 88. நிறத்தில் நேரெதிர், பிரகாசத்தில் இரட்டைப் பிள்ளைகள். இதில் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்கலாம், கலரில்தானே எல்லோரும் பார்க்கப்போகிறார்கள்? கெடுவது கம்ப்ரஷனில். ஜேபெக் படங்கள் பெரும்பாலும் பிரகாசத்தை முழு நுணுக்கத்தோடும், நிறத்தைக் குறைந்த நுணுக்கத்தோடும் சேமிக்கின்றன. நிறத்தால் மட்டும் பிரியும் விளிம்பு அதனால் கசிந்து, மங்கி, ஓரத்தில் அழுக்குப் பழுப்புக் கோடாகத் தெரியும். வாட்ஸப்பில் அனுப்பி மறுபடி சுருங்கினால் இன்னும் மோசம். பிரகாசத்தில் பிரியும் விளிம்பு இதைத் தாங்கும்.

இப்போது மற்றத் தாள்களையும் அதே கணக்கில் வையுங்கள். முத்து 232, வெள்ளைத் தாள் 240, வெளிர் கிரே 168, நடுத்தர கிரே 118 என்று கொள்வோம்.

வெள்ளையில் மண்ணுக்கும் தாளுக்கும் 150 வித்தியாசம், அருமை. ஆனால் முத்துக்கும் தாளுக்கும் வெறும் 8. முத்துகள் தாளில் கரைந்து, கம்பி மட்டும் அந்தரத்தில் தொங்கும். நடுத்தர கிரேயில் முத்துக்கு 114 கிடைக்கிறது, மண்ணுக்கு 28தான், குடை கொஞ்சம் மந்தமாகத் தெரியும். வெளிர் கிரேயில் மண்ணுக்கு 78, முத்துக்கு 64. இரண்டுமே தாராளம்.

ஒரு பின்னணியை அதில் நன்றாக விழும் விளிம்பை வைத்து மதிப்பிடக்கூடாது, மிக மோசமாக விழும் விளிம்பை வைத்து மதிப்பிடவேண்டும். அந்தக் கணக்கில் வெள்ளைக்கு 8, நடுத்தர கிரேக்கு 28, வெளிர் கிரேக்கு 64, பச்சைக்கு 2. வாங்குபவர் கண்ணில் முதலில் படுவது தொலைந்த முத்துதான், தெளிவான குடை இல்லை. "கிரே எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்று பொதுவாகச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லாததும் இதனால்தான். எந்த கிரே என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இதே ஜிமிக்கியின் அடி வளையத்திலும் தங்கம் பூசியிருந்தால் முடிவு மாறிவிடும். தங்கப் பெயிண்ட் 154 அளவில் இருந்தால் வெளிர் கிரேயோடு 14தான் வித்தியாசம், அப்போது நடுத்தர கிரேதான் தேவலை.

எண்ணைப் பார்த்தபிறகு படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி விளிம்பைக் கண்ணாலும் பாருங்கள். இரண்டு விஷயம் கவனிக்கவேண்டும். குடையின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு மெல்லிய கோடு ஓடினால் அது கூர்மை இல்லை, போன் தானாகப் போட்ட ஷார்ப்பனிங். வெள்ளைத் தாளில் அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாது, நடுத்தர கிரேயில் பளிச்சென்று தெரியும். கிரேயைக் குறை சொல்லாமல் கேமராவில் ஷார்ப்பனிங் குறைக்க வழியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, வெள்ளைத் தாள் 255-ஐத் தொட்டுவிட்டதா என்று பாருங்கள். தொட்டுவிட்டால் அந்த வெளிச்சம் பொருளின் ஓரத்துக்குள் புகுந்து கம்பியை இன்னும் ஒல்லியாக்கும், மண்ணின் சொரசொரப்பையும் வெளிறச் செய்யும். 240 பக்கம் நிறுத்துவது பாதுகாப்பு.

நிறச்சாயலைப் பார்ப்பது

இங்கேதான் ஆட்டோ படங்கள் பயன்படும். நிறச்சாயல் இரண்டு வழியில் வருகிறது, இரண்டும் எதிரெதிர்த் திசையில் வேலை செய்கின்றன. கேமரா ஏமாறுவதால் வருவது படம் முழுவதையும் பாதிக்கும், பின்னணியின் எதிர் நிறத்துக்குத் தள்ளும். தாளிலிருந்து தெறித்த வெளிச்சம் பொருள் மேல் விழுவதால் வருவது பொருளின் அடியிலும் ஓரத்திலும் மட்டும் இருக்கும், பின்னணியின் அதே நிறத்தில் இருக்கும்.

பச்சைத் தாளின் ஆட்டோ படத்தில் முத்தின் நடுப்பகுதியில் 228, 214, 226 என்று வந்தால் பச்சை குறைந்து மெஜந்தா ஏறியிருக்கிறது, அது கேமராவின் வேலை. பூட்டிய படத்தில் அதே இடம் 226, 225, 223 என்று சரியாகிவிடும். ஆனால் அதே பூட்டிய படத்தில் முத்தின் அடிப்பக்கம் 170, 188, 172 என்று இருந்தால் அது தெறித்த பச்சை. இதை எந்த வைட் பேலன்ஸ் திருத்தத்தாலும் எடுக்கமுடியாது. அடியைச் சரிசெய்தால் மேல்பகுதி ரோஸாகும். ஆட்டோ படத்தைப் பார்த்துவிட்டு ஒரே இழுப்பில் திருத்தப் பார்ப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

தெறிப்புக்கு மருந்து தூரம். ஒரு ஜாணை இரண்டு ஜாணாக்கி மறுபடி எடுத்து, முத்தின் அடியை மட்டும் அளந்து பாருங்கள், வித்தியாசம் தெரியும். பின்தாளைவிடக் கீழே விரித்த தாள்தான் அதிகம் தெறிக்கும் என்பதால், ஜிமிக்கிக்குக் கீழே படத்தில் விழாத இடத்தில் ஒரு நடுநிலை கிரே துண்டைப் போட்டாலும் பாதித் தொல்லை போகும்.

தங்கப் பெயிண்ட் தனிக் கதை. மினுக்கும் பரப்பு தன் நிறத்தை மட்டும் காட்டாது, சுற்றியுள்ளதையும் காட்டும். பச்சைக்கு நடுவில் தங்கம் பித்தளைக்கும் பாசிக்கும் நடுவில் ஏதோ ஒன்றாகத் தெரியும். நீலத்துக்கு நடுவில் மினுப்புச் செத்துச் சாம்பலாகும். வெள்ளைக்கு நடுவில் நிறம் கெடாது, ஆனால் எல்லாப் பக்கமும் வெள்ளையே பிரதிபலிப்பதால் வெளிறிப்போகும். கிரேயில்தான் கோலத்தின் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் இருட்டுமாக விழுந்து உலோகம்போல் தெரியும்.

வெள்ளைத் தாளிலும் நிறச்சாயல் உண்டு, பலரும் இதைச் சந்தேகிக்கமாட்டார்கள். பெரும்பாலான வெள்ளைத் தாள்களில் பளீரென்று தெரிய ஒளியூட்டும் ரசாயனம் சேர்க்கிறார்கள். அது ஜன்னல் வெளிச்சத்தில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாகத் திருப்பி அனுப்பும். கார்டு 118, 118, 117 என்று ஒழுங்காக இருக்க, தாள் 236, 239, 247 என்று வந்தால் இதுதான் காரணம். கடைகளில் ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா விளக்கில் தாளைக் காட்டுங்கள், நீலமாக ஒளிர்ந்தால் வேறு தாள் தேடுங்கள். வெளுக்காத கோரா துணி பொதுவாக இப்படி ஒளிராது, ஆனால் அதன் நெசவு படத்தில் தெரியும், மெல்லிய கம்பியின் விளிம்போடு அது குழம்பும்.

வெள்ளையோ கலரோதான் வேண்டும் என்றால்

அமேசானில் முதன்மைப் படத்துக்கு 255, 255, 255 என்ற சுத்த வெள்ளைப் பின்னணி கட்டாயம், பொருள் படத்தின் 85 சதவீதத்தை நிரப்பவேண்டும். அதற்காக வெள்ளைத் தாளில் எடுக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. வெளிர் கிரேயில் எடுத்து, பொருளை வெட்டி வெள்ளையில் ஒட்டலாம், முத்தின் விளிம்பு படத்தில் இருப்பதால் வெட்டுவது எளிது. பச்சையில் எடுத்து வெட்டினால் முத்தைச் சுற்றிப் பச்சை ஓரம் மிஞ்சும், அதை எடுப்பதற்குள் பொழுது போய்விடும்.

வெள்ளையிலேயே எடுப்பதாக இருந்தால், ஜிமிக்கியின் இரு பக்கமும் படச் சட்டத்துக்குச் சற்று வெளியே இரண்டு கருப்புச் சார்ட் பட்டைகளை நிறுத்துங்கள். அவை முத்தின் இரு ஓரங்களிலும் மெல்லிய கருங்கோடாகப் பிரதிபலித்து, முத்துக்கு வரைந்தது போல் ஒரு விளிம்பு கொடுக்கும். பளபளக்கும் பரப்புக்குத்தான் இது பலிக்கும். வெள்ளை நூலில் பின்னிய குரோஷே பூவுக்குப் பெரிதாகப் பயன்படாது, அதற்கு நடுத்தர கிரேதான்.

கலர் வேண்டுமென்றால் மண்ணின் நிறத்துக்கு உறவான சந்தன நிறத்தைப் பாருங்கள். தெறிப்பு வந்தாலும் செம்மண்ணில் கரைந்துவிடும், முத்தில் மட்டும் லேசான மஞ்சள் ஏறும். அடர் கலர்களை, நிறத்தைச் சொல்லாமல் சூழலை மட்டும் காட்டும் இரண்டாம் மூன்றாம் படத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பட்டு நூல் வளையல் மாதிரி, வாங்குபவர் புடவையோடு பொருத்திப் பார்த்து வாங்கும் பொருளென்றால் அந்தச் சலுகையும் வேண்டாம். மயில் நீலம் என்று வாங்கியது கையில் ராமர் பச்சையாக இருந்தால் பார்சல் திரும்பி வரும்.

கடைசியாகச் சரிபார்க்கும்போது போனில் இரவு மோடும், திரையை மஞ்சளாக்கும் வாசிப்பு வசதியும் அணைந்திருக்கவேண்டும். தேர்ந்தெடுத்த தாளின் பின்புறத்தில் அதன் பிரகாச எண்ணையும், ஜிமிக்கியிலிருந்து வைத்த தூரத்தையும், ஷட்டர், WB அளவுகளையும் பென்சிலால் எழுதி வையுங்கள். கருப்பு ஆக்சிடைஸ்டு கம்மல், மரமணி மாலை என்று அடுத்து எது வந்தாலும், பொருளின் மிக வெளிர் ஓரத்தையும் மிக இருண்ட ஓரத்தையும் அளந்து, இரண்டிலிருந்தும் நன்றாக விலகி விழும் தாளை அந்த எண்ணைப் பார்த்தே எடுத்துவிடலாம்.